ஒரே டெபாசிட், மூன்று வகுத்தல்கள்

டெபாசிட் ரசீதில் வட்டி விகிதத்துக்கு அருகில் பெர் ஆனம் என்று இருக்கும். வாரிசுப் பங்கு பற்றிய சட்டப்பிரிவில் பெர் கேப்பிட்டா வரும். லாக்கர் வாடகையைத் திருப்பித் தரும்போதும், வரியைப் பிரிக்கும்போதும் புரோ ராட்டா வரும். மூன்றும் வகுத்தல்தான். முதலாவது காலத்தை வைத்து வகுக்கிறது, இரண்டாவது தலைகளை எண்ணி வகுக்கிறது, மூன்றாவது முன்பே முடிவான ஒரு விகிதத்தை எடுத்து அதன்படி பிரிக்கிறது. தகராறு என்று வந்தால் மேலே உள்ள தொகையில் அநேகமாக வராது. கீழே உள்ள எண்ணில்தான் வரும்: 365-ஆ, 12-ஆ, 4-ஆ, 3-ஆ என்று.

மூன்றும் ஒன்றாகச் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு: உயில் எழுதாமல் இறந்தவரின் ஃபிக்ஸட் டெபாசிட்டை வாரிசுகள் பிரித்துக்கொள்வது. ஓர் இந்துக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஓய்வுபெற்ற ஒருவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தில் 9,00,000 ரூபாயை 444 நாள் டெபாசிட்டில் 7% பெர் ஆனம் என்று 1.4.2024 அன்று போட்டார். வட்டியைக் கையில் வாங்காமல் அசலோடு சேர்த்துக்கொள்ளும் வகை. வட்டியில் டிடிஎஸ் பிடிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். 12.3.2025 அன்று அவர் இறந்தார். டெபாசிட் 19.6.2025 அன்று முதிர்ந்தது. மனைவி இருக்கிறார், ஒரு மகன் இருக்கிறார். மகள் சில ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார். அந்த மகளின் இரண்டு சிறு பிள்ளைகள் தங்கள் அப்பாவிடம் வளர்கிறார்கள். இறந்தவரின் தாய் உயிருடன் இல்லை.

முதலில் எவ்வளவு வரவேண்டும் என்று பார்ப்போம். “444 நாள், 7%” என்று விளம்பரத்தில் படித்த பலர் 9 லட்சத்துக்கு 63,000 ரூபாய் என்று போடுவார்கள். அது ஒரு வருடத்து வட்டி. 444 நாள் ஒரு வருடத்தைத் தாண்டியது. அதைச் சரிசெய்ய நினைப்பவர் 63,000-ஐ 365-ஆல் வகுத்து 444-ஆல் பெருக்கி 76,636 என்பார். அதுவும் வங்கி தரும் தொகை இல்லை. வங்கி 79,289 ரூபாய் தரும். காரணம், பெர் ஆனம் என்பது விகிதம் எந்தக் காலத்துக்கு என்று மட்டும் சொல்கிறது. வட்டியை எத்தனை நாளுக்கு ஒருமுறை அசலில் ஏற்றுவது என்று அது சொல்வதில்லை. நம் வங்கிகளில் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட டெபாசிட்டுக்கு அது வழக்கமாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஆகவே 7%-ஐ நான்கால் வகுத்து, முழுக் காலாண்டு ஒவ்வொன்றுக்கும் 1.75% ஏற்றுவார்கள். கடைசியில் முழுமையடையாமல் நிற்கும் நாட்களுக்கு மட்டும் 365-ஆல் வகுப்பார்கள்.

```
4 காலாண்டு : 9,00,000 × 1.0175^4           = 9,64,673
மீதி 79 நாள் : 9,64,673 × 7% × 79 / 365     =   14,615
முதிர்வுத் தொகை (பைசாவைச் சேர்த்து)         = 9,79,289
```

ஒரே விகிதத்துக்குள் இரண்டு வகுக்கும் எண்கள் இருப்பதைக் கவனியுங்கள். முழுக் காலாண்டுக்கு 4, துண்டு நாளுக்கு 365. காலாண்டு 90 நாளானாலும் 92 நாளானாலும் வட்டி ஒன்றுதான். கையில் கால்குலேட்டரோடு வங்கிக்குப் போகிறவர் மொத்தத்தையும் நாள் கணக்கில் போட்டுவிட்டு, “உங்கள் கணக்கு இடிக்கிறதே” என்று கேட்பது இதனால்தான்.

மாதாமாதம் வட்டி வாங்குபவர்களுக்கு இன்னொரு சின்ன வேறுபாடு தெரியும். ஒரு லட்சத்துக்கு 7% என்றால் வருடத்துக்கு 7,000, மாதத்துக்கு 583 ரூபாய் 33 காசு என்று எதிர்பார்ப்பார்கள். பாஸ்புக்கில் 580 ரூபாய்தான் ஏறியிருக்கும். யாரும் எதையும் பிடிக்கவில்லை. காலாண்டு முடிவில் தரவேண்டிய 1,750 ரூபாயை முன்கூட்டியே மூன்று துண்டாகத் தருவதால், முன்னால் வாங்கும் சலுகைக்கு ஈடாக ஒவ்வொரு துண்டையும் கொஞ்சம் குறைக்கிறார்கள். காலாண்டுக்கு ஒருமுறை வாங்கிக்கொண்டால் முழு 1,750-ம் கிடைக்கும்.

கடன் பக்கத்தில் பெர் ஆனம் என்ற இதே இரண்டு சொற்கள் இன்னும் பெரிய வேலை செய்யும். ஒரு லட்சம் கடன், 12% பெர் ஆனம் ஃப்ளாட், மூன்று வருடம் என்றால் வட்டி 36,000. மாதத் தவணை 3,778 வரும். ஒவ்வொரு மாதமும் அசல் குறைந்துகொண்டே போகிறது, வட்டி மட்டும் கடைசி மாதம் வரை முழு லட்சத்துக்கே போகிறது. குறையும் அசலுக்கு வட்டி என்ற முறையில் இதே தவணையை வைத்துப் பார்த்தால் அது 21%-க்குச் சற்று மேல். இரண்டு தாளிலும் பெர் ஆனம் என்றே அச்சாகியிருக்கும். காலத்தை வகுத்ததில் தவறில்லை, எந்தத் தொகையின் மேல் என்பதில்தான் வித்தை இருக்கிறது. தவணை எத்தனை ரூபாய், எத்தனை மாதம் என்ற இரண்டையும் கேட்டு வாங்கி ஒப்பிட்டால் இந்த வித்தை நிற்காது.

வரித் தாளுக்கு வந்தால், பெர் ஆனம் என்று போடாத இடத்தில்தான் அதிகம் ஏமாறுகிறோம். ஜிஎஸ்டி தாமதத்துக்கு வட்டி ஆண்டுக்கு 18% என்று சட்டம் சொல்கிறது. ஆகவே அது நாள் கணக்கு, மூன்று நாள் தாமதமானால் மூன்று நாளுக்கு மட்டும்தான். வருமான வரியில் ரிட்டர்ன் தாமதத்துக்கான வட்டி மாதத்துக்கு 1%, மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதம். பார்த்தால் இது ஆண்டுக்கு 12%தானே, ஜிஎஸ்டியைவிடக் குறைவுதானே என்று தோன்றும். 10,000 ரூபாய் வரி பாக்கியோடு கெடு தாண்டி மூன்றாம் நாள் ரிட்டர்ன் போட்டுப் பாருங்கள். நாள் கணக்கில் 12% என்றால் 10 ரூபாய்கூட வராது. மாதக் கணக்கில் 100 ரூபாய் கட்டவேண்டும். இறந்தவர் பெயரில் வாரிசு போடவேண்டிய ரிட்டர்னுக்கும் இதுவே விதி. துக்க வீட்டில் இதை யாரும் நினைப்பதில்லை, கெடு மட்டும் நகர்ந்துகொண்டே இருக்கும்.

இனி 9,79,289 ரூபாயைப் பிரிக்கவேண்டும். குடும்பத்தில் எல்லாரும் நல்லவர்கள் என்றால், “மனைவி, மகன், இரண்டு பேரப்பிள்ளைகள், நாலு பேர், நாலாக வகுத்துவிடலாம்” என்பார்கள். அதுதான் பெர் கேப்பிட்டா. தலைக்கு 2,44,822. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன் 19-ஆம் பிரிவும் பார்வைக்கு இதையே சொல்கிறது: பல வாரிசுகள் சேர்ந்து சொத்துக்கு வந்தால் பெர் கேப்பிட்டா முறையில் எடுப்பார்கள், கிளைவாரியாக அல்ல. ஆனால் அந்த வாக்கியத்துக்கு முன்னால் ஒரு நிபந்தனை உண்டு. இந்தச் சட்டத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் ஒழிய, என்பதே அது. வேறுவிதமாகச் சொல்லியிருக்கும் இடம் அதே சட்டத்தின் 10-ஆம் பிரிவு. மனைவிக்கு ஒரு பங்கு. உயிருடன் இருக்கும் மகன், மகள், தாய் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. முன்பே இறந்துவிட்ட மகனோ மகளோ இருந்தால், அவருடைய கிளை முழுவதற்கும் சேர்த்து ஒரே பங்கு.

எனவே இந்தக் குடும்பத்தில் முதல் வகுக்கும் எண் 4 இல்லை, 3. மனைவிக்கு 3,26,430. மகனுக்கு அதே. மகளின் கிளைக்கு அதே, அதற்குள்ளே பிள்ளைகள் இருவருக்கும் சமமாக ஆளுக்கு 1,63,215. ரூபாயை முழுமையாக்கியதால் கூட்டலில் ஒரு ரூபாய் முன்பின் இருக்கும். நாலாக வகுத்திருந்தால் மனைவி ஏறத்தாழ 81,600 ரூபாயை இழந்திருப்பார், மகனும் அவ்வளவே. மகளுக்கு இரண்டுக்குப் பதில் ஐந்து பிள்ளைகள் இருந்திருந்தால் தலைக்கணக்கில் ஏழாக வகுத்திருப்பார்கள். கிளைக்கணக்கில் அப்போதும் மூன்றுதான். ஒரு கிளையில் எத்தனை பேர் என்பது அடுத்த கிளையின் பங்கைத் தொடக்கூடாது என்பதே இதன் உள்ளர்த்தம்.

இந்தத் தவறு நடப்பதற்கு ஒரு காகிதமே காரணமாகிறது. தமிழ்நாட்டில் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழில் பெயர், வயது, உறவுமுறை, இவை வரிசையாக இருக்கும். பங்கு எவ்வளவு என்று இருக்காது. வரிசை எண் 1, 2, 3, 4 என்று பார்த்ததும் நாலாக வகுக்கும் ஆசை தானாக வந்துவிடும். சான்றிதழ் யார் வாரிசு என்பதற்கு அத்தாட்சி. யாருக்கு எவ்வளவு என்பதற்கு சட்டத்தைத்தான் பார்க்கவேண்டும்.

இன்னொரு கண்ணியும் இதே காகிதத்தில் உண்டு. மகள் முன்பே இறந்தவர் என்பதால் வங்கி அவருடைய இறப்புச் சான்றிதழையும் அவருடைய வாரிசுச் சான்றிதழையும் கேட்கும். மகளின் வாரிசுச் சான்றிதழில் அவர் கணவர் பெயரும் இருக்கும், ஏனெனில் மகள் விட்டுச்சென்ற சொத்துக்கு அவர் வாரிசு. அதை வைத்துக்கொண்டு, மகளின் பங்கைக் கணவர், இரண்டு பிள்ளைகள் என்று மூன்றாக வகுத்துவிடுவார்கள். இந்த டெபாசிட் மகள் விட்டுச்சென்றது இல்லை. அது மகளின் அப்பாவுடையது. அப்பா இறக்கும்போது மகள் உயிருடன் இல்லை, ஆகவே மகள் கைக்கு எதுவும் வந்து பிறகு கைமாறவில்லை. பேரப்பிள்ளைகள் நேரடியாகத் தாத்தாவின் வாரிசுகள். முன்பே இறந்த மகளின் கணவர் அந்தப் பட்டியலில் இல்லை. அவர் கையெழுத்துப் போடுவது மைனர் பிள்ளைகளின் கார்டியனாக மட்டுமே. மகள் தன் அப்பாவுக்குப் பின்னால், பணம் பிரிக்கும் முன் இறந்திருந்தால் கதை வேறு. அப்போது பங்கு மகளுக்கு வந்து சேர்ந்துவிட்டது, கணவருக்கும் அதில் உரிமை உண்டு. இரண்டு இறப்புச் சான்றிதழ்களிலும் முதலில் பார்க்கவேண்டியது தேதியை.

உண்மையான பெர் கேப்பிட்டா எங்கே வருகிறது? திருமணமாகாத ஆண் ஒருவர் இறக்கிறார், தாய் தந்தை இல்லை, அண்ணனும் தங்கையும் இருக்கிறார்கள், இன்னொரு அண்ணன் மூன்று பிள்ளைகளை விட்டு முன்பே இறந்துவிட்டார். இங்கே கிளை இல்லை, தலை மட்டும்தான். உயிருடன் இருக்கும் அண்ணனும் தங்கையும் சரிபாதி எடுப்பார்கள். இறந்த அண்ணனின் பிள்ளைகள் சட்டத்தின் இரண்டாம் வகுப்பில் இன்னும் கீழ்ப்படியில் இருப்பதால் அவர்களுக்கு ஒன்றும் இல்லை. தலைக்கணக்கு எப்போதும் தாராளமானது என்று நினைப்பவர்களுக்கு இது கசக்கும். இதுவரை சொன்னதெல்லாம் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி. கிறிஸ்தவர், முஸ்லிம் குடும்பங்களுக்குச் சட்டம் வேறு.

பங்கு 1/3, 1/3, 1/6, 1/6 என்று நின்ற பிறகுதான் புரோ ராட்டாவுக்கு வேலை. அதற்குச் சொந்தமாக ஓர் எண் கிடையாது. வேறொருவர் முடிவுசெய்த விகிதத்தைக் கடன் வாங்கித்தான் அது பிரிக்கும். ஆகவே புரோ ராட்டா என்று யாராவது சொன்னால், எதன்படி என்று கேட்காமல் கையெழுத்துப் போடக்கூடாது.

வட்டிக்கான வரியில் இது இரண்டு முறை வரும், முதல்முறை நாட்களின்படி. இறந்தவர் உயிருடன் இருந்த நாள் வரையிலான வட்டி அவருடைய வருமானம். அவர் பெயரில் வாரிசு ஒருவர் பிரதிநிதியாகப் பதிந்து ரிட்டர்ன் போடவேண்டும். அதற்குப் பிறகான வட்டி வாரிசுகளுடையது. இறப்பு ஜனவரி–மார்ச் காலாண்டின் நடுவில் விழுகிறது. அந்தக் காலாண்டு வட்டி 16,591 ரூபாய். மொத்தம் 90 நாள். மார்ச் 12 வரை 71 நாள், மீதி 19 நாள். 71/90 பங்கு, அதாவது 13,089 அவர் கணக்கில். 3,503 வாரிசுகள் கணக்கில். இங்கே 365-ஐக் கொண்டுவந்தால் கணக்கு இடறும், ஏனெனில் பிரிக்கும் தொகை காலாண்டு வட்டி. கீழே வரவேண்டியது அந்தக் காலாண்டின் நாட்கள்.

இரண்டாம் முறை பங்குகளின்படி. இறப்புக்குப் பிந்தைய வட்டி 3,503-ம் 14,615-ம் சேர்ந்து 18,118. அதில் மனைவிக்கும் மகனுக்கும் தலா 6,039, பேரப்பிள்ளைகளுக்குத் தலா 3,020. இவற்றில் காலாண்டின் கடைசி 19 நாள் வட்டி 31.3.2025-இல் முடிந்த ஆண்டுக்கும், மீதி அடுத்த ஆண்டுக்கும் போகும். மைனர் பிள்ளைகளின் வட்டி வருமானம் பெற்றோர் வருமானத்தோடு சேரும் என்பதால், இந்தப் பணத்தில் ஒரு பைசா உரிமையும் இல்லாத மருமகன் அதைத் தன் ரிட்டர்னில் காட்டவேண்டியிருக்கும். சட்டம் சில சமயம் இப்படித்தான். அதேபோல் 9,79,289 முழுவதையும் வருமானம் என்று காட்டிப் பயந்தவர்களும் உண்டு. வாரிசாக வந்த அசல் வருமானம் இல்லை, வட்டி மட்டும்தான்.

லாக்கருக்கும் ஒரு புரோ ராட்டா உண்டு. வருட வாடகை 4,000-ஐ ஏப்ரலில் முன்பணமாகக் கட்டி, ஜூன் 19 அன்று லாக்கரைத் திருப்பிக் கொடுத்தால், விகிதப்படி மீதியைத் திருப்பித் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நாள் கணக்கென்றால் 80 நாளுக்கு 877 போக 3,123 வரவேண்டும். ஜூனை முழு மாதமாக எண்ணி மூன்று மாதத்தைக் கழித்தால் 3,000 வரும். ஒப்பந்தத்தில் எது என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசினால் பேச்சு சுருக்கமாக முடியும். யாரும் சொல்லாவிட்டால் எதுவுமே திரும்பி வராமல் போகவும் கூடும்.

நாமினி விஷயத்தில் 1.11.2025 முதல் ஒரு புதிய விகிதம் வந்திருக்கிறது. டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை ஒரே சமயத்தில் நாமினியாகப் போட்டு, யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதலாம். மொத்தம் 100 வரவேண்டும். இந்தச் சதவீதத்தைப் பார்த்ததும் பங்கு முடிந்துவிட்டது என்று எண்ணிவிடக்கூடாது. வங்கி அந்த விகிதத்தில் பணத்தை ஒப்படைத்துத் தன் பொறுப்பை முடித்துக்கொள்கிறது, அவ்வளவே. நாமினி வாங்கிய பணத்தில் வாரிசுகளின் உரிமை அப்படியே நிற்கிறது. மகனுக்கு 100% என்று எழுதியிருந்தாலும், உயில் இல்லாத இந்தக் குடும்பத்தில் அவர் 3,26,430 போக மீதியை மற்ற மூவருக்கும் தரவேண்டியவர். நாமினிகளில் ஒருவர் பணம் வாங்கும் முன்பே இறந்துவிட்டால், அவருடைய சதவீதம் மற்ற நாமினிகளுக்கு விகிதப்படி பரவாது. அந்தப் பகுதிக்கு நாமினேஷனே இல்லாததுபோல் வங்கி நடத்தும், வாரிசுகள் தனியாக மனுக் கொடுக்கவேண்டும்.

கடைசியாகச் செலவு. மருத்துவமனை பாக்கிக்கும் ஈமச்சடங்குக்கும் மனைவி தன் கையிலிருந்து 60,000 போட்டிருந்தால், பொதுப் பணத்திலிருந்து அதை முதலில் எடுத்துக்கொண்டு மீதியைப் பிரிப்பதே சுலபம். பணம் ஏற்கெனவே பிரிந்துபோன பிறகுதான் இந்தப் பேச்சு வருகிறது என்றால், ஆளுக்கு 15,000 என்று நாலாக வகுக்கக்கூடாது. வரவு எந்த விகிதமோ செலவும் அதே விகிதம்: மனைவி 20,000, மகன் 20,000, பிள்ளைகள் பேருக்கு 10,000. மருமகனிடம் கேட்கும்போது, பிள்ளைகளின் பங்கிலிருந்து 20,000 என்று கணக்கைத் தாளில் எழுதிக் காட்டி, கார்டியன் என்று கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.